மழை நாள் ஷிப்டிலிருந்து யாரும் வரவில்லை

எங்கள் தேர்வு வாரியத்தின் தரைத்தளத்தில் இரண்டு விசாரணை ஜன்னல்கள் உண்டு. இரண்டாம் ஜன்னலில் நான். முதல் ஜன்னலில் சமாதானம் அக்கா. அது அவர் பெயர் இல்லை. சண்டை போட வருகிறவர்களையெல்லாம் தண்ணீர் குடிக்க வைத்து அனுப்புவதால் நாங்கள் வைத்த பெயர். எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறதாம். யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். யாராவது "நீங்க எல்லாம் கூட்டுக் களவாணிங்க" என்று ஆரம்பித்தால் நான் டோக்கனை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பேன். அக்கா பக்கத்து ஜன்னலிலிருந்து, "நீ உக்காரு. அவரை இப்படி அனுப்பு" என்பார்.

முடிவு வெளியாகும் வாரத்தில் எங்களிடம் வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். நான் எழுபத்தெட்டு வாங்கினேன், என் கூட்டாளி எழுபத்தொன்று, அவன் எப்படி எனக்கு மேலே போனான்?

தேர்வு எழுதுகிறவர்கள் ஏராளம். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்கக் கணினிகள் போதாது. அதனால் பல நாள், நாளுக்குக் காலை ஒரு ஷிப்ட், மாலை ஒரு ஷிப்ட். காலையில் எழுதியவன் வெளியே வந்து கேள்விகளைச் சொல்லிவிடுவான் என்பதால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் வேறு வினாத்தாள். எவ்வளவு கவனமாகத் தயாரித்தாலும் ஒரு தாள் கொஞ்சம் கடினமாகவும் இன்னொன்று கொஞ்சம் லேசாகவும் அமைந்துவிடும். அதைச் சரிக்கட்டத்தான் நார்மலைசேஷன். பொதுமக்களைப் பொறுத்தவரை அது ஒரு கெட்ட வார்த்தை.

நான் அதை விளக்கினால் சண்டை பெரிதாகும். அக்கா விளக்குகிற விதமே வேறு.

"ரெண்டு கட்டிடம்னு வெச்சுக்கோங்க. ஒண்ணுல படி உசரம், இன்னொண்ணுல படி குட்டை. நீங்க எழுபத்தெட்டுப் படி ஏறினீங்க, அவர் எழுபத்தொண்ணுதான் ஏறினார். ஆனா யாரோட படி உசரம்? அதனால நாங்க படியை எண்ணுறதில்ல. உங்க கட்டிடத்துல, உங்ககூட ஏறினவங்கள்ல, நூத்துக்கு எத்தனை பேர் உங்க அளவுக்கோ உங்களுக்குக் கீழயோ நின்னாங்க, அதைத்தான் எண்ணுறோம். அதுதான் பெர்சன்டைல்."

"என் கட்டிடத்துல எல்லாரும் கெட்டிக்காரங்களா இருந்துட்டா?"

"அதுக்குத்தான் யார் எந்த ஷிப்ட்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுது. ஆயிரக்கணக்குல குலுக்கிப் போட்டா எல்லாக் கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அமையும். மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க."

இதையே ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வாரோ, ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் புதிதாகத் தோன்றியதுபோலச் சொல்வார். எனக்கு அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பொறாமை என்றும் சொல்லலாம்.

அக்கா சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான், வருடத்தில் பாதி நாள் கடலில். வீட்டில் இவரும் மருமகளும்தான். மருமகள் ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த அடிப்படையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். அந்த ஒப்பந்தத்தை இனி நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் நாங்கள் நடத்திய தேர்வு நிரந்தரப் பரிசோதனைக்கூட வேலைகளுக்கானது. அவளும் எழுதினாள். ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தவறவிட்டவள். மூன்றாவது முறைக்கு மாமியாரும் சேர்ந்து படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னிடம் ரத்த அணுக்களைப் பற்றிப் பேசுவார். சாப்பிடும்போது ரத்தத்தைப் பற்றிப் பேசாதீர்கள் என்று நான் கத்துவேன்.

சொந்தக்காரர் யாராவது தேர்வு எழுதினால் நாங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அக்கா கொடுத்துவிட்டார். ஜன்னல்காரர்கள் மதிப்பெண் பக்கமே போவதில்லை என்பதால் அவரை இடம் மாற்றவில்லை. அந்த உறவுக்காரர் எழுதிய ஷிப்டைப் பற்றி உள்ளே எதுவும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

மருமகளுக்கு விழுந்தது மூன்றாம் நாள் காலை ஷிப்ட். அன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சாலைகளில் முழங்கால் அளவு தண்ணீர். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தாளாம்.

தற்காலிகப் பட்டியல் வந்தது. அவள் பெயர் இருந்தது. கடைசி சில இடங்களில் ஒன்று, ஆனாலும் உள்ளே. அக்காவுக்கு அன்று கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஜன்னலில் வந்து சத்தம் போட்டவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்ததில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வீடு போகும்போது என் தோளைப் பிடித்து உலுக்கி, "என் பொண்ணு உள்ள வந்துட்டாடி" என்றார். மருமகள் என்று சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்றேன்.

தற்காலிகப் பட்டியலுக்குப் பிறகு ஆட்சேபங்களுக்கு ஒரு வாரம். ஜன்னலில் கூட்டம் அலைமோதியது. ஒருவர் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன்நெற்றி வழுக்கை விழுந்த ஒரு லேப்காரர். வயது வரம்பு அவருக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. பட்டியலுக்குச் சற்றே வெளியே நின்றிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. "என் கணக்கு சரியான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்றார். அக்கா அவருடைய விடைகளையும் மதிப்பெண்ணையும் திரையில் காட்டினார். எல்லாம் சரியாகவே இருந்தது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆட்சேப வாரம் பாதி கடந்திருக்கும். டோக்கன் இல்லாத ஒரு இடைவெளியில் அக்கா தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மூணாம் நாள் காலை ஷிப்ட்லருந்து உன்கிட்ட யாராவது வந்தாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லையே."

"என்கிட்டயும் ஒருத்தர்கூட வரல."

"மழையில நனைஞ்சதுல கோபமெல்லாம் கரைஞ்சு போயிருக்கும். நல்லதுதானே? விடுங்க."

அவர் சிரிக்கவில்லை. அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிறவரிடம் பெயரைக் கேட்பதற்கு முன் எந்த ஷிப்ட் என்றுதான் கேட்பார். இத்தனை வருடங்களில் அவருக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. எந்த ஷிப்டை எடுத்தாலும் அதில் கொஞ்சம் பேராவது தாங்கள் ஏமாந்ததாக நினைப்பார்கள். தாள் லேசாக இருந்தால் நிறையப் பேர் வருவார்கள், கடினமாக இருந்தால் குறைவாக வருவார்கள். ஆனால் ஒருவர்கூட வராத ஷிப்ட் இருந்ததே இல்லை.

"எல்லாருக்கும் திருப்தியா ஒரு கணக்கு இருக்காதுடி" என்றார். "எல்லாருக்கும் கொஞ்சம் அதிகமா கிடைச்சிருந்தாத்தான் அப்படி இருக்கும்."

 அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அக்கா, அந்த ஷிப்ட்ல யார் எழுதினாங்கன்னு ஞாபகம் இருக்குல்ல?"

"அதனாலதான் நான் கேக்க முடியாது. நீ உள்ள போய்க் கேளு."

"நான் எதுக்குக் கேக்கணும்? எனக்கென்ன தலையெழுத்தா?" கண்ணாடித் தடுப்பு அதிரும்படி கத்தினேன் போலிருக்கிறது, காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "உங்க வீட்டு விளக்கை நீங்களே ஊதி அணைப்பீங்களா? அந்தப் புள்ள மூணு தடவை எழுதிருக்கா. உங்களுக்கு ஏன் இந்த வேலை?"

"அந்த வழுக்கைத் தலைக்காரர் எத்தனை தடவை எழுதினாரோ" என்றார் அக்கா. பிறகு டோக்கனை அழுத்திவிட்டார். அடுத்த ஆள் வந்து நின்றதும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும், "நீயும் உள்ள வா" என்றார். தனியாகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. எனக்கும் அவரைத் தனியாக விட மனசு இல்லை.

மருமகள் சாப்பாட்டு மேசைமேல் போர்வையை விரித்துப் புது வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்கான உத்தரவே இன்னும் வரவில்லை, அதற்குள் கோட்டு. பாக்கெட்டில் பேனா செருகி அழகு பார்த்திருந்தாள்.

"அத்தை, காலர் எப்படி இருக்குன்னு பாருங்க."

"நல்லா இருக்குமா." அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த மழை நாள்ல உன் ஹால்ல எத்தனை பேர் இருந்தாங்க?"

"எங்க இருந்தாங்க? என் வரிசையில நான் ஒருத்திதான். முன்னாடி ரெண்டு வரிசை காலி. மேற்பார்வையாளரே பாவம், எனக்குத் துண்டு கொடுத்தார்."

அக்கா தன் சந்தேகத்தைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வராதவர்களையும் கணக்கில் சேர்த்திருப்பார்களோ, அதனால் அந்த ஷிப்டில் எல்லோருக்கும் பெர்சன்டைல் ஏறியிருக்குமோ, உறுதியாகத் தெரியாது, ஆனால் கேட்க வேண்டும் என்று சொன்னார். கேட்டால் உன் பெயர் போனாலும் போகும் என்றும் சொன்னார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? சொல்லாம செஞ்சிருக்கலாமே. எனக்குத் தெரியாமலே போயிருக்குமே."

"உன் முதுகுக்குப் பின்னாடி செஞ்சா, அப்புறம் உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சோறு போடுவேன்?"

"வேண்டாம்னு நான் சொன்னா?"

 சண்டைக்காரர்கள் அத்தனை பேருக்கும் பதில் வைத்திருந்த அக்கா, மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வேகமாகச் சாத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சாத்தினாள்.

வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"எங்க லேப்ல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்தா, நான் முதல்ல சொல்லிக் கொடுக்கறது இதைத்தான். சாம்பிள் வரலைன்னா சாம்பிள் வரலைன்னு எழுது. பூஜ்யம்னு எழுதாத. பூஜ்யம்னு எழுதினா டாக்டர் அதை நம்பி ஏதாவது செஞ்சுடுவார்." தேயிலையைப் போட்டாள். "வராததும் பூஜ்யமும் ஒண்ணா என்ன? கேட்டுடுங்க, ஆன்ட்டி."

கடைசி வார்த்தையை என் பக்கம் திரும்பித்தான் சொன்னாள். அக்கா எழுந்துபோய் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். டீ பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தது நான்தான்.

மறுநாள் மாடிக்குப் போனேன். எங்கள் புள்ளியியல் அதிகாரியைத் தசமம் சார் என்போம். பெர்சன்டைலை ஏழு தசம இடங்கள் வரை போடுகிறவர். கேட்டால் "ரெண்டு பேருக்கு ஒரே எண் வரக் கூடாதில்லையா" என்பார். எப்போதும் சட்டைப் பையில் மை ஒழுகும் ஒரு பேனா. நான் கேள்வியைச் சொன்னதும், "அதெல்லாம் வராதவங்களை எடுத்துட்டுத்தான் கணக்கே போடறோம்" என்று சிரித்தார். ஆனாலும் நல்ல மனுஷன், உடனே திறந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு மையத்திலிருந்தும் வராதவர்களின் விவரம் வரும். அதில் "வரவில்லை" என்று இருப்பவர்களைக் கணினி நிரல் நீக்கிவிடும். அந்த மழை நாள் காலையில் தேர்வு முடியும் நேரத்தில் தண்ணீர் புகுந்து கொஞ்ச நேரம் மின்சாரம் போனதில் பல மையங்களிலிருந்து அந்த விவரம் வரவில்லை. மதிப்பெண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வெறுமையைக் கண்ட நிரல் அங்கே பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டது.

"சராசரி ரொம்பக் குறைவா இருந்ததைப் பார்த்தேன்மா" என்றார் தசமம் சார், தலையில் கை வைத்துக்கொண்டு. "தாள் கஷ்டம் போலன்னு நெனச்சுட்டேன். அதைச் சரிக்கட்டத்தானே இந்தக் கணக்குன்னு சந்தோஷப்பட்டேன்."

ஒரு காகிதத்தில் எனக்குப் போட்டுக் காட்டினார். ஷிப்டில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள். ஆறு பேர்தான் வந்தார்கள். மேலிருந்து மூன்றாவதாக நிற்கிறவளின் அளவிலோ அதற்குக் கீழோ, அவளையும் சேர்த்து, நான்கு பேர். ஆறுக்கு நான்கு, ஏறக்குறைய அறுபத்தேழு. வராத நான்கு பேரையும் பூஜ்யமாக்கிக் கீழே நிறுத்தினால் பத்துக்கு எட்டு, எண்பது. அவள் எதுவும் செய்யாமலே எண்பதுக்குப் போய்விட்டாள்.

"இப்பவும் ஒரு வருத்தம் இருக்கு" என்றார். "அந்த மழையில வந்து எழுதினவங்க கொஞ்சம் தீவிரமானவங்களா இருக்கலாம். அப்படின்னா சரியான கணக்கிலயும் அவங்களுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். கடினமான தாளா, கெட்டிக்காரக் கூட்டமான்னு இந்தக் கணக்குக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதும்மா. குலுக்கிப் போட்டது குலுக்கினபடியே இருக்கும்னு நம்பித்தான் போடறோம். மழை வந்து கலைச்சுடுச்சு."

வாரியத் தலைவரிடம் தானே போய்ச் சொன்னார். மழுப்பவில்லை. கணக்கைத் திரும்பப் போட்டு, விளக்கத்தோடு இறுதிப் பட்டியல் வெளியிட்டார்கள்.

அதில் அவள் பெயர் இல்லை.

வழுக்கைத் தலைக்காரர் போன் செய்தார். "மேடம், என் பெர்சன்டைல் ஒரு புள்ளிகூட மாறல. ஆனா உள்ள வந்துட்டேன். எப்படி?" அவர் ஷிப்டில் எதுவும் மாறவில்லை, அவருக்கு முன்னால் நின்ற சிலர் பின்னால் போனார்கள் என்று சொன்னேன். "பாவம், யாரோ" என்றார். நான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் டோக்கனை அழுத்தவில்லை.

மறுநாள் காலையில் அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இன்று யார் வருவார்கள் என்று இருவருக்கும் தெரியும். அதுவரை ஒருவர்கூட வராத ஷிப்ட் அன்று மொத்தமாக வந்து நின்றது. கதவு திறப்பதற்கு முன்பே வரிசை தெருமுனை வரை போயிருந்தது. "கொடுத்துட்டுப் பிடுங்குறாங்க" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. அக்கா தண்ணீர்ப் பாத்திரத்தை நிரப்பினார். நிரம்பியதைக் கவனிக்காமல் ஊற்றியதில் மேசையெல்லாம் தண்ணீர்.

கதவு திறந்தது. முதல் டோக்கன். முதல் ஜன்னலில் வந்து நின்றது அவருடைய மருமகள்.

எங்களுக்கு முன்பே வந்து, விடியும்போதே வரிசையில் நின்றிருக்கிறாள். சொந்தக்காரர் ஜன்னலில் வந்து நிற்கக் கூடாது என்று விதி ஏதாவது இருக்கலாம். நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம்" என்றாள், பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "நான் மூணாம் நாள் காலை ஷிப்ட். என் பெர்சன்டைல் எதுக்குக் குறைஞ்சுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அக்கா அவளைப் பார்த்தார்.  படிகளிலிருந்து ஆரம்பித்தார். பத்துப் பேர், ஆறு பேர், வராத நான்கு பேர், எல்லாவற்றையும் சொன்னார். தவறு எங்களுடையது என்றும் சொன்னார். பாதியில் நிறுத்தி, தானே ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. வரிசையில் சத்தம் மெல்ல அடங்கியது.

"அப்போ மழையில நீந்தி வந்தது எங்க தப்பா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"இல்லங்க. உங்க தப்பு எதுவுமே இல்ல. மழையில வந்ததுக்கு ஈடு கொடுக்க இந்தக் கணக்குல வழியில்ல. அதை எழுதிக் கொடுங்க, ஒவ்வொண்ணையும் நானே மேல கொண்டுபோறேன்" என்றார் அக்கா.

கத்திக்கொண்டிருந்த ஆள் மருமகளிடம் கேட்டார். "உங்களுக்கும் போச்சா?"

"போச்சுங்க" என்றாள். "நான் ஜெயிச்ச ஆளுங்கள்ல நிறையப் பேர் அன்னைக்கு வரவே இல்லையாம். அது ஜெயிச்சதா ஆகுமா?"

 அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, பைக்குள்ளிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கண்ணாடியின் கீழ்ச் சந்து வழியாக உள்ளே தள்ளினாள்.

"இன்னைக்கு நீங்க டப்பா எடுக்க மறப்பீங்கன்னு தெரியும் அத்தை, அதான் நானே கட்டிட்டு வந்தேன். இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

அக்கா டப்பாவைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. மற்ற கையால் அடுத்த டோக்கனை அழுத்தினார். நான் இரண்டாம் ஜன்னலில் எழுந்து நின்று, "மழை நாள் ஷிப்ட் எல்லாரும் இந்தப் பக்கமும் வரலாம், வாங்க, தண்ணி குடிச்சுட்டுப் பேசலாம்" என்றேன்.